வயர் காயில் போட்டோவை வைத்து என்ன சொல்லலாம்? ராமநாதபுரம் கடலோர வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

நான் துபாயில் இருக்கிறேன், கீழக்கரையில் வீட்டு வேலை நடக்கிறது. எலக்ட்ரீஷியன் வயர் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நல்ல வயரா என்று பார்த்துச் சொல்லுங்களேன்?

பெட்டியின் போட்டோவில் பெட்டிதான் தெரியும் பாய். அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று சொல்லலாம், உள்ளே இருப்பது அதுதானா என்று சொல்ல முடியாது. அதனால் எலக்ட்ரீஷியனிடம் மூன்று படங்கள் கேளுங்கள். முதலாவது, லேபிள் முழுக்கத் தெரியும்படி நேராக எடுத்த படம். இரண்டாவது, பெட்டியைத் திறந்து வயரின் மேல் ஓடும் எழுத்து ஒரு சுற்றாவது தெரியும்படி ஒரு படம். மூன்றாவதுதான் முக்கியம். வயர் நுனியில் இரண்டு விரல் அளவு தோலை உரித்து, இழைகளை விசிறி போல விரித்து, பக்கத்தில் மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேலை வைத்து எடுத்த படம்.

மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் பெரும்பாலும் கவலையில்லை. லேபிள் ஒன்றும் இழை வேறொன்றும் சொன்னால் இழை சொல்வதை நம்புங்கள்.

மூன்றாவது படத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. செல்போனை வயருக்கு மிக அருகில் கொண்டுபோனால் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் விழும். ஒரு முழம் தள்ளி நின்று, ஜூம் வைத்து, வயரும் ஸ்கேலும் ஒரே மட்டத்தில் படுத்திருக்கும்படி எடுக்கச் சொல்லுங்கள். வயரைத் தரையில் வைத்து ஸ்கேலைக் கையில் தூக்கிப் பிடித்து எடுத்த படத்தை வைத்து எதையும் அளக்க முடியாது.

போட்டோவில் வயர் நல்ல தடிமனாகத் தெரிகிறது. அப்படியென்றால் ரெண்டரை எம்எம் தானே?

வெளித் தடிமன் என்பது தோலின் தடிமனும் சேர்ந்தது. சரியான 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தோல் சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்கும், மொத்த விட்டம் மூன்றரை மில்லிமீட்டரை ஒட்டி வரும். செம்பைக் குறைத்துவிட்டுத் தோலைத் தடிமனாக்கினாலும் அதே மூன்றரை வரும். கையில் பிடித்தாலும் வித்தியாசம் தெரியாது. செம்பு விலைக்கும் பிவிசி விலைக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும், ஆகவே ஏமாற்றுவது அங்கேதான் நடக்கிறது.

அப்புறம், 2.5 என்பது விட்டம் இல்லை, குறுக்கு வெட்டின் பரப்பு. ஸ்கேலை வைத்து "2.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கு, சரியாப் போச்சு" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே கம்பியாக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டருக்கு விட்டம் 1.8 மில்லிமீட்டர்தான் வரும்.

இழையை எண்ணச் சொன்னேன், 36 இருக்கிறது. லேபிளிலும் 36/0.3 என்று போட்டிருக்கிறது. இனி சந்தேகம் வேண்டாம்தானே?

எண்ணிக்கை பாதி விடைதான். 36/0.3 என்றால் 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழைகள் 36 என்று பொருள். எண்ணுவது எளிது, அதனால் எண்ணிக்கையைச் சரியாக வைத்துவிட்டு இழையை மெலிதாக்குவார்கள்.

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்கு வந்த காயிலின் படங்களை எனக்கு அனுப்பினார்கள். லேபிளில் 2.5, வயரின் மேலும் 2.5, இழை 36. எல்லாம் சரி. ஆனால் விரித்துவைத்த இழைகள் ஸ்கேலின் கோடுகளுக்குப் பக்கத்தில் ரொம்பவே மெலிதாகத் தெரிந்தன. ஒரு இழையை நேரடியாகப் படத்தில் அளப்பது நடக்காது, ஸ்கேலின் கோடே கிட்டத்தட்ட அந்தத் தடிமன் இருக்கும். அதனால் ஒரு இழையை மட்டும் உருவி, மெல்லிய பென்சிலில் இடைவெளி விடாமல் 20 சுற்று சுற்றி, நகத்தால் நெருக்கித் தள்ளி, ஸ்கேலை ஒட்டி வைத்து எடுத்து அனுப்பச் சொன்னேன். 0.3 இழையானால் 20 சுற்று 6 மில்லிமீட்டர் அகலம் வரவேண்டும். வந்தது 4. ஒரு இழை 0.2 தான்.

இனி கணக்கு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785ஆல் பெருக்கினால் ஒரு இழையின் பரப்பு. 0.3 இழைக்கு அது 0.0707, அதை 36ஆல் பெருக்கினால் 2.54. அதுதான் ரெண்டரை. 0.2 இழைக்கு 0.0314, 36ஆல் பெருக்கினால் 1.13. ரெண்டரை என்று காசு கொடுத்து ஒரு எம்எம்முக்குச் சற்று மேலே வாங்கியிருக்கிறார்கள். இழை மூன்றில் ஒரு பங்கு மெலிந்ததற்குச் செம்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. விட்டம் இருமுறை பெருகுவதால் இப்படி, கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிவது கணக்கில் பெரிதாக அடிக்கும்.

சுற்றுகளுக்கு இடையில் சந்து இருந்தால் அளவு கூடித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆகவே 4 வந்தால் இழை 0.2 அல்லது அதைவிடக் குறைவு. சால்ஜாப்புக்கு இடமில்லை.

அப்படியென்றால் 36/0.3 இல்லாத ரெண்டரை எல்லாமே போலியா?

இல்லை. 80/0.2 போட்டாலும் 2.51 வரும், 50/0.25 போட்டாலும் 2.45 வரும். இரண்டும் கடையில் கிடைக்கிற நல்ல வயர்களே. இந்தியத் தரநிலை இழையை எண்ணித் தேர்ச்சி கொடுப்பதில்லை. முக்கியமாக மின்தடையைத்தான் பார்க்கிறது. 2.5 வளையும் வகைச் செம்பு வயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.98 ஓமுக்கு மேல் போகக்கூடாது. அதனால் கணக்கில் 2.4 வந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 1.1, 1.5 என்று வந்தால் போகலாம்.

இந்த எண்ணை வீட்டிலேயே பயன்படுத்தலாம். 90 மீட்டர் காயிலின் உள் நுனி, வெளி நுனி இரண்டும் பெரும்பாலும் கைக்குக் கிடைக்கும். இரண்டையும் உரித்து மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்துப் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கழித்துவிடுங்கள். நல்ல 2.5 வயரில் 0.7 ஓம் அளவில் வரும், நம்ம ஊர் வெயிலில் 0.75 வரை போகலாம். தங்கச்சிமடத்துக் காயிலில் 1.6 வந்தது. சாதாரண மல்டிமீட்டர் புள்ளிக்குப் பின்னால் அவ்வளவு துல்லியம் இல்லைதான், ஆனால் 0.7க்கும் 1.6க்கும் வித்தியாசம் சொல்ல அது போதும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வயர் மெலிந்து, நீளமும் குறைந்திருந்தால் மின்தடை நல்லதைப் போலக் காட்டிவிடும். அதனால்தான் இழைப் படமும் வேண்டும் என்கிறேன்.

தராசில் வைத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், மோசமான யோசனை இல்லை. 2.5 காயில் 90 மீட்டரில் செம்பு மட்டுமே 1¾ முதல் 2 கிலோ இருக்கும். அதன் மேல் தோலின் எடை முக்கால் கிலோவுக்கு மேல். மொத்தமே 2 கிலோதான் காட்டுகிறது என்றால் உள்ளே செம்பு குறைவு, அல்லது நீளம் குறைவு, அல்லது செம்பே இல்லை. ஆனால் எடை சரியாக இருப்பதால் வயர் சரி என்று ஆகிவிடாது. தோலில் சுண்ணாம்புத் தூளைக் கூட்டினாலும் எடை ஏறும்.

மெலிந்த வயர் போட்டால் என்ன ஆகிவிடும்? பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

லைட்டும் ஃபேனும் மட்டுமானால் ஓடும். சிக்கல் எம்சிபியில், அதாவது கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சில் இருக்கிறது. ரெண்டரை வயர் என்று நம்பி எலக்ட்ரீஷியன் 20 ஆம்பியர் எம்சிபி போடுவார். 1.13 வயர் சுவருக்குள் பைப்பில் அவ்வளவு கரண்டைத் தாங்காது. ஏசி, ஹீட்டர், மோட்டார் எல்லாம் ஒரே லைனில் சேர்ந்து 18 ஆம்பியர் இழுத்தால் எம்சிபி பேசாமல் இருக்கும், ஏனென்றால் அதன் கணக்கில் ஒன்றும் தவறு நடக்கவில்லை. வயர் மட்டும் நல்ல வயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூடாகும். தோல் இளகி, சுவிட்ச் பெட்டியில் கருகிய வாடை வரும்போதுதான் தெரியும்.

ஏற்கெனவே இந்த வயரைப் போட்டுச் சுவரைப் பூசிவிட்டோம் என்கிறவர்களுக்கு: உடனே இடிக்க வேண்டாம், அந்த லைனின் எம்சிபியை 10 ஆம்பியருக்கு இறக்கிவிட்டு, ஏசிக்குத் தனியாகச் சரியான வயரை இழுங்கள்.

உரித்த நுனி உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. அலுமினியமா?

மூன்று வாய்ப்புகள். ஒன்று, முழு அலுமினியம். இரண்டு, மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். மூன்று, வெள்ளீயம் பூசிய செம்பு. மூன்றாவது நல்ல வயர். பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகில் உப்புக்குத் தாங்கும் என்று வெள்ளையாக இருக்கும் அந்த வயரைப் போடுவார்கள், அதைப் பார்த்துவிட்டுச் சிலர் வீணாகப் பயப்படுகிறார்கள்.

இழையின் பக்கவாட்டைப் பார்க்காமல், வெட்டிய முகத்தைப் பாருங்கள். கூரான கட்டரால் புதிதாக வெட்டி, அந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கம் சிவப்பு, வெட்டு முகம் வெள்ளை என்றால் பூச்சு போட்ட அலுமினியம். பக்கம் வெள்ளை, வெட்டு முகம் சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. 0.2 இழையில் இது படத்தில் தெரியாமல் போகலாம். அப்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டச் சொல்லுங்கள், செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும். லைட்டர் நெருப்பில் ஒற்றை இழையைப் பிடித்தால் அலுமினியம் சுருண்டு உருகி விழும், செம்பு சிவந்து கறுக்கும், விழாது.

கடலோரத்தில் பூச்சு அலுமினியம் கண்டிப்பாக வேண்டாம். உப்பு ஈரம் படும் இடத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். அரிப்பு தொடங்குவது சுவிட்ச் திருகாணிக்கு அடியில், வெட்டிய முகத்திலேயே. அங்கே தொடர்பு தளர்ந்து சூடேறும்.

எங்கள் காயிலில் செம்பு கறுத்திருக்கிறது. தொண்டியில் கடற்கரையை ஒட்டிய கடையில் வாங்கினோம். பழைய சரக்கா?

நுனி மட்டும் கறுப்பதோ லேசாகப் பச்சை பூப்பதோ நம்ம காற்றுக்கு இயல்பு. நுனியிலிருந்து ஒரு ஜாண் வெட்டிப்போட்டு மறுபடி உரித்துப் படம் எடுங்கள். உள்ளே பளிச்சென்று இருந்தால் வயருக்கு ஒன்றும் இல்லை. ஜாணுக்கு ஜாண் வெட்டியும் கறுப்பே வந்தால், இழைகளுக்கு நடுவே ஈரம் ஏறிப் போயிருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது பைப்பில் இழுத்துவிட்ட வயர் நுனிகளை மாதக்கணக்கில் திறந்து தொங்கவிடாமல் டேப் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

FR, HR, FR-LSH என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. போட்டோவில் எது எது என்று கண்டுபிடிக்க முடியுமா?

தோலின் நிறமோ பளபளப்போ வகையைச் சொல்லாது. எழுத்துதான் சொல்லும், அதுவும் பெட்டியில் இருப்பதைவிட வயரின் மேலேயே ஓடும் எழுத்து. FR என்றால் தீ பரவாமல் அடங்கும் பிவிசி. FR-LSH அதோடு புகையும் அமில வாயுவும் குறைவாக விடும். HR என்றால் கூடுதல் சூடு தாங்கும் தோல், சாதாரண பிவிசிக்கு 70 டிகிரி என்றால் இதற்கு 85. பெட்டியில் FR-LSH என்று பெரிதாகப் போட்டு, வயரில் வெறும் FR என்று ஓடினால் கையில் இருப்பது FR. சுவருக்குள் ஓடும் வீட்டு வயரிங்குக்கு FR போதும். ஜன்னல் அடைத்து ஏசி போட்ட படுக்கையறைக்கு FR-LSH நல்லது. அவ்வளவுதான் என் கருத்து.

கடைகளில் லைட்டரைப் பற்றவைத்து "பாருங்க, அணைஞ்சிருச்சு, FR" என்று வீடியோ காட்டுவார்கள். பிவிசியில் குளோரின் இருப்பதால் சாதாரண பிவிசியும் நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும். அந்த வீடியோவால் எதுவும் நிரூபணமாகாது. புகையை முகர்ந்து பார்க்கிற வேலையும் வேண்டாம், வருவது அமில வாயு.

குளோரின் போன்ற ஹாலஜன் எதுவும் இல்லாத வயர் என்று விற்கிறார்களே, அது பிவிசியே இல்லை. அதற்குத் தரநிலை எண் IS 17048. லேபிளில் ஹாலஜன் இல்லை என்று எழுதி, ஐஎஸ்ஐ முத்திரையின் மேல் பிவிசிக்கான IS 694 மட்டும் இருந்தால் அந்த லேபிள் தன்னோடு தானே முரண்படுகிறது.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது. அது நிஜமா என்று எப்படிப் பார்ப்பது?

முத்திரையின் மேலே IS 694, கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண், இரண்டும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். செல்போனில் BIS Care செயலியைத் திறந்து, உரிமம் சரிபார்க்கும் இடத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். உரிமம் யாருக்கு, எந்த முகவரியில், எந்தத் தரநிலைக்கு, நடப்பில் இருக்கிறதா என்று வரும். பெயரும் முகவரியும் லேபிளில் உள்ள தயாரிப்பாளரோடு பொருந்த வேண்டும். எண் நிஜமாக இருந்து, அது வேறொரு ஊரில் சுவிட்ச் செய்யும் கம்பெனியுடையது என்று வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. பெரிய கம்பெனிகளுக்கு ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி எண் இருக்கும், ஆகவே உங்கள் உறவினர் வீட்டுக் காயிலில் வேறு எண் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

ஆனால் எண் பொருந்தினால் காயில் அசல் என்று ஆகிவிடாது. அசல் காயிலைப் பார்த்து எண்ணை அப்படியே நகலெடுத்து அச்சடிக்கலாம். கியூஆர் குறியும் அப்படித்தான். முத்திரைச் சோதனை கள்ள எண்ணைப் பிடிக்கும், நகலைப் பிடிக்காது. நகலைப் பிடிப்பது இழையும் மின்தடையும்தான். லேபிளில் ஐஎஸ்ஓ 9001 என்று போட்டிருப்பது அந்தக் கம்பெனியின் நிர்வாக முறைக்கு உள்ள சான்று, வயருக்கு உள்ளது இல்லை.

எழுத்தையும் கவனியுங்கள். கம்பெனிப் பெயர் வயர் நெடுக ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஈர விரலால் தேய்த்ததும் மை கையோடு வந்தால் சந்தேகப்படுங்கள். பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, அதே நிறம், அதே சாய்வில் அச்சடிப்பவர்கள் உண்டு, எழுத்துக் கூட்டி வாசியுங்கள்.

ஒரு காயிலில் 1100 வோல்ட், இன்னொன்றில் 450/750 வோல்ட். எது போலி?

எதுவும் இல்லை. IS 694இன் 1990 பதிப்பில் 1100 வோல்ட் என்று இருந்தது, 2010 பதிப்பில் 450/750 என்று மாற்றினார்கள். பழக்கத்தில் 1100 என்று போடுவது தொடர்கிறது. வீட்டுக்கு வருவது 230, மூன்று ஃபேஸானால் சுமார் 400.

90 மீட்டர்தான் இருக்கிறது, 100 இல்லையா?

வீட்டு வயர் காயில் பெரும்பாலும் 90 மீட்டர்தான் வரும், பெரிய காயில் 180. யாரும் பத்து மீட்டரை உருவிக்கொள்ளவில்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன் வயதானவர், "3/20 வாங்கு, 7/20 வாங்கு" என்கிறார். ரெண்டரைக்கு அது சமமா?

அவர் சொல்வது பழைய கேஜ் கணக்கு. 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று. ஒரு கம்பி 0.91 மில்லிமீட்டர், மூன்றும் சேர்ந்து 2 சதுர மில்லிமீட்டரை ஒட்டி வரும். 7/20 சுமார் 4.6. இன்றைய காயிலில் அவர் 3/20 கேட்டால் 2.5 கொடுங்கள், 7/20 கேட்டால் 4 போதுமா 6 வேண்டுமா என்று அந்த லைனில் ஓடப்போகிற சாமானைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 3/22 என்பது 1.2 அளவு, அதை ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம்.

பைப்பில் இழுத்து முடித்துவிட்டார்கள், பெட்டியும் தூக்கிப் போட்டாயிற்று. இனி பார்க்க முடியுமா?

மெயினை நிறுத்தி, டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எலக்ட்ரீஷியனை விட்டே ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திருகாணியில் மாட்டிய வயரைக் கழற்றி, நுனியில் ஒரு சாண் வெட்டினால் போதும். அந்தத் துண்டை வைத்து எழுத்து, இழை எண்ணிக்கை, பென்சில் சுற்று மூன்றையும் படம் எடுத்துவிடலாம், ஒரு சாண் இழை 20 சுற்றுக்கு எட்டாது, ஆகவே இரண்டு மூன்று இழைகளை அடுத்தடுத்துச் சுற்றச் சொல்லுங்கள். நுனி ரொம்பக் குட்டையாக இருந்தால் வெட்ட வேண்டாம், பெட்டிக்குள் மிச்சம் விட்டிருக்கும் வேறு இடத்தில் பாருங்கள். ஏசி லைன், மோட்டார் லைன், அடுப்படி லைன் மூன்றிலும் ஒவ்வொரு துண்டு எடுங்கள். ஒரே வீட்டில் லைட்டுக்கு நல்ல வயரும் பவர் லைனுக்கு மெலிந்த வயருமாகப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், விலை அதிகமுள்ள காயிலில்தானே மிச்சம் பிடிக்கத் தோன்றும். துண்டுகளில் எந்த லைன் என்று டேப்பில் எழுதி ஒட்டி, கடை பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "எங்க சரக்கு இல்லை" என்று சொன்னால் பில் இல்லாமல் பேச முடியாது.